5.0-ஆ, 4.4-ஆ: எந்த பிளம்பரைக் கூப்பிடுவது?

கூகுள் மேப்ஸில் பிளம்பர் தேடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பெயர்கள் கண்ணில் படுகின்றன. 'அ'வுக்கு 9 ரிவ்யூ, ரேட்டிங் 5.0. 'ஆ'வுக்கு 210 ரிவ்யூ, ரேட்டிங் 4.4. விரல் தானாக 'அ'வின் பக்கம்தான் போகும்.

ஆனால் அந்த 5.0 எவ்வளவு மெல்லியது என்று ஒரு கணக்குப் போட்டால் தெரியும். நாளைக்கே ஒருவர் ஒற்றை ஸ்டார் கொடுத்தால் 'அ'வின் சராசரி 4.6-க்கு இறங்கிவிடும். அங்கிருந்து மறுபடி 4.95-ஐத் தொட, இடையில் ஒரு குறைகூட விழாமல் இன்னும் 70 பேர் ஐந்து ஸ்டார் கொடுக்க வேண்டும். அதே ஒற்றை ஸ்டார் 'ஆ'வுக்கு விழுந்தால் திரையில் 4.4 அப்படியே நிற்கும். முதல் எண் ஒன்பது பேரின் மனநிலை. இரண்டாவதைத்தான் பழக்கம் என்று சொல்லலாம்.

இனி உள்ளே போவோம். 'அ'வின் ஒன்பதில் ஆறு ஒரே வாரத்தில் வந்தவை. "சூப்பர் சர்வீஸ்", "நல்ல வேலை" என்பதற்கு மேல் எதுவும் இல்லை. எழுதியவர் பெயரைத் தொட்டுப் பார்த்தால், பலருக்கு அது ஒன்றே வாழ்நாள் ரிவ்யூ. பொய் என்று உடனே முத்திரை குத்திவிட முடியாது. புதிதாகத் தொடங்கியவர் தன் முதல் வாடிக்கையாளர்களிடம் கேட்டு வாங்கினாலும் இப்படித்தான் இருக்கும். என்ன வேலை செய்தார் என்று ஒருவராவது சொல்லியிருந்தால் நம்பிக்கை வரும். "சிங்க்குக்கு அடியில் கசிந்தது, வாஷர் மாற்றினார்" என்ற ஒரு வரி பத்து "சூப்பர்"களுக்குச் சமம்.

'ஆ'வின் ரிவ்யூக்களை Newest என்று வரிசைப்படுத்தி, ஒற்றை ஸ்டார்களை மட்டும் படியுங்கள். எல்லாப் புகாரும் ஒரே இடத்தைச் சுற்றுகிறது: சொன்ன நேரத்துக்கு வரவில்லை. வேலை மோசம் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு புகாருக்கு உரிமையாளரின் பதில்: "முந்தைய வீட்டில் வேலை நீண்டுவிட்டது. உங்களுக்கு ஒரு போன் செய்திருக்க வேண்டும், செய்யவில்லை. தவறு எங்களுடையது." புகார் சொன்னவர் மனம் மாறினாரோ இல்லையோ, பின்னால் வந்து படிக்கிறவருக்கு அதுதான் கடையின் முகம். இதையே "நீங்கள் எங்கள் வாடிக்கையாளரே இல்லை" என்று எழுதியிருந்தால், கீழே கிடக்கும் 200 நல்ல ரிவ்யூவும் வீண்.

ஒரு சங்கடமும் உண்டு. பலர் திரும்பத் திரும்ப எழுதும் சொற்களை மேப்ஸ் தனியே எடுத்து ரிவ்யூக்களுக்கு மேலே காட்டுவதுண்டு. அங்கே "தாமதம்" ஏறிவிட்டால், போர்டில் என்ன எழுதியிருந்தாலும் 'ஆ'வின் பெயர் அதுதான். பிடிக்காத ரிவ்யூவை உரிமையாளரால் அழிக்க முடியாது. விதிமீறல் என்றால் புகாரளிக்கலாம், அவ்வளவே.

குளியலறைக் குழாய் முழுவதையும் மாற்றுவதாக இருந்தால் நான் 'ஆ'வைத்தான் கூப்பிடுவேன், அரை நாள் தாமதம் பொறுக்கலாம். நள்ளிரவில் குழாய் வெடித்தால் 'அ'வுக்குத்தான் முதல் போன்.