மின்காரின் பேட்டரி சதவீதம்: மின்னழுத்தமா, மின்னோட்டக் கணக்கா?

மின்காரின் திரையில் 46% என்று தெரிகிறதே, அந்த எண்ணை எந்தக் கருவியும் நேரடியாக அளப்பதில்லை. பேட்டரி மேலாண்மை அமைப்புக்கு முக்கியமாகக் கிடைக்கும் அளவீடுகள் மூன்றுதான்: செல்களின் மின்னழுத்தம், பேட்டரியில் ஓடும் மின்னோட்டம், சில இடங்களின் வெப்பநிலை. இவற்றில் ஒன்று எல்லை மீறினால் மின்னோட்டத்தைக் குறைக்கும், தேவைப்பட்டால் துண்டித்துவிடும். அந்தக் காவல் வேலை ஓரளவு எளிது. மின்னேற்ற நிலையை மதிப்பிடுவதும், செல்களைச் சமன்செய்வதும்தான் கடினமானவை.

மதிப்பீட்டுக்கான முதல் வழி மின்னழுத்தம். செல் நிறைந்திருந்தால் மின்னழுத்தம் அதிகம், காலியானால் குறைவு. நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த என்.எம்.சி. செல்லில் இது நன்றாகவே எடுபடுகிறது. 40 சதவீதத்துக்கும் 60 சதவீதத்துக்கும் இடையே நூறு மில்லிவோல்ட்டுக்கு மேல் வேறுபாடு இருப்பதால், சில மில்லிவோல்ட் பிழை பெரிதாகத் தெரியாது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் எனும் எல்.எஃப்.பி. செல்லில் அதே இடைவெளியில் வேறுபாடு பத்து மில்லிவோல்ட் அளவில்தான் இருக்கும். போதாததற்கு, மின்னேற்றி நிறுத்திய செல்லும் ஓட்டி நிறுத்திய செல்லும் ஒரே நிலையில் இருந்தாலும் சற்றே வேறு மின்னழுத்தம் காட்டும். எந்தச் செல்லானாலும், ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த அளவை அப்படியே ஏற்க முடியாது. ஓய்வில் மின்னழுத்தம் நிலைகொள்ள நேரம் பிடிக்கும்.

இரண்டாவது வழி, உள்ளே போன மின்னோட்டத்தையும் வெளியே வந்ததையும் நொடிக்கு நொடி கூட்டிக் கழிப்பது. எல்லா வேதியியலுக்கும் பொருந்தும், ஓட்டத்தின்போதும் வேலை செய்யும். ஆனால் சிறு பிழையும் சேர்ந்துகொண்டே போகும். 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில், வெளியேறும் மின்னோட்டத்தை உணரி எப்போதும் 0.25 ஆம்பியர் குறைத்துக் காட்டுகிறது என்று கொள்வோம். 40 மணி நேர ஓட்டத்தில் 10 ஆம்பியர்-மணி கணக்கில் வராமல் போகும். அதாவது ஏறத்தாழ 7%. திரை இன்னும் 7% இருக்கிறது என்று சொல்லும்போது பேட்டரி உண்மையில் காலி. சதவீதம் திடீரெனச் சரிந்தாலோ, மீதம் காட்டும்போதே வண்டி இழுவிசையைக் குறைத்தாலோ, இந்த விலகலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

நவீன அமைப்புகள் பெரும்பாலும் இரண்டையும் சேர்க்கின்றன. கால்மன் வடிகட்டி முறையில், கணக்கை வைத்து மின்னழுத்தம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்லி, அளந்ததோடு ஒப்பிட்டு, வேறுபாட்டுக்கு ஏற்ப மதிப்பீட்டைத் திருத்துவார்கள். என்.எம்.சி.யில் இதுவே சிறந்தது என்பேன். எல்.எஃப்.பி.யின் தட்டையான நடுப்பகுதியிலோ மின்னழுத்தம் எதையும் சொல்லாததால் திருத்தமும் சிறுத்துவிடுகிறது. மீண்டும் கூட்டல் கழித்தலே கதி. அதனால்தான் எல்.எஃப்.பி. கார்களை அவ்வப்போது 100% வரை ஏற்றச் சொல்கிறார்கள். உச்சியில் மின்னழுத்தம் செங்குத்தாக ஏறும். அங்கே கணக்கைப் புதிதாகத் தொடங்கலாம்.

சமன்செய்தலுக்கும் அந்த உச்சிதான் வாய்ப்பு. தொடராக இணைந்த 100 செல்களில் ஒன்று மட்டும் 3 ஆம்பியர்-மணி பின்தங்கியிருந்தால், ஓட்டத்தில் அது முதலில் காலியாகி எல்லாவற்றையும் நிறுத்திவிடும். மின்தடை வழியே எரிக்கும் முறை, முன்னே நிற்கும் 99 செல்களிலிருந்தும் அந்த 3 ஆம்பியர்-மணியை வெப்பமாக்கி வெளியேற்றும். 0.1 ஆம்பியர் வேகத்தில் 30 மணி நேரம், ஏறத்தாழ ஒரு யூனிட் மின்சாரம் வீண். இடமாற்று முறையோ, மின்தூண்டி அல்லது மின்மாற்றி வழியே மற்ற செல்களின் ஆற்றலைப் பின்தங்கிய செல்லுக்குக் கொண்டுபோகும்; பத்து வாட்-மணி அளவே நகர வேண்டும்.

இதைக் கேட்டால் இடமாற்று முறையே மேல் என்று தோன்றும். ஆனால் அந்த விரயம் ஒருமுறைதான். நல்ல செல்கள் அதன்பின் மிக மெதுவாகவே விலகும். எனவே கார்களில் எரிக்கும் எளிய முறையே பரவலாக இருக்கிறது. அது சரியான தேர்வு என்றே நினைக்கிறேன். கொள்ளளவே குறைந்த செல்லில்தான் இடமாற்று முறை வேறுபட்டு நிற்கிறது. ஒரு செல் 140, மற்றவை 150 என்றால், எரிக்கும் முறையில் பேட்டரி 140தான் தரும். இடமாற்று முறை அதை 150க்கு அருகே கொண்டுவர முடியும். ஆனால் ஐந்து மணி நேர ஓட்டத்தில் அந்தச் செல்லுக்கு 2 ஆம்பியர் ஊட்ட வேண்டும். அரை மணி நேர வேக மின்னேற்றத்தில் 20 ஆம்பியரைத் திருப்பிவிட வேண்டும். அதற்கான மின்னணுச் சுற்று பெரிதாகும், பழுதாகும் இடங்களும் கூடும்.

ஒரு செல் மின்னேற்றத்தில் மட்டும் பின்தங்கியிருக்கிறதா, அதன் கொள்ளளவே குறைந்துவிட்டதா என்று பிரித்தறிய ஒரு வழி உண்டு. பலமுறை முழுதாக ஏற்றி, சமன்செய்ய நேரமும் கொடுத்த பிறகு, உச்சியில் எல்லாச் செல்களும் ஒன்றாக நிற்கின்றன. ஆனால் அடியில் அதே செல் மட்டும் முதலில் விழுகிறது என்றால், குறைந்திருப்பது அதன் கொள்ளளவு. உச்சியிலேயே அது மீண்டும் மீண்டும் பின்தங்கினால் உட்கசிவைச் சந்தேகித்து, உடனே பரிசோதிக்க வேண்டும்.