தாடியை ஒட்ட வெட்டுவதா, மாஸ்க் படும் இடத்தை மழிப்பதா?

வேலையில் போடுவது ஹெல்மெட் மட்டும்தான் என்றால் தாடியை 3 மி.மீ. அளவுக்கு ட்ரிம் செய்தால் போதும், தாடைப் பட்டையில் முடி சிக்காது, அவ்வளவுதான். ஆனால் மூக்கையும் வாயையும் மூடும் ரப்பர் மாஸ்க் போட்டுத் தூசியிலோ பெயின்ட் தெளிப்பிலோ வேலை செய்பவருக்கு அது சரிவராது. நேற்று மழித்த தாடையில் இன்று சொரசொரவென்று முளைத்திருக்கும் முள்முடியே ரப்பர் விளிம்பைத் தோலில் படியவிடாது, மூச்சை இழுக்கும்போது காற்று ஃபில்டரை விட்டுவிட்டு அந்த இடுக்கு வழியாக உள்ளே வந்துவிடும்.

அதனால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்: மீசையை வைத்துக்கொண்டு, விளிம்பு படும் கன்னத்தையும் தாடையின் அடிப்பக்கத்தையும் வேலைக்குப் போகும் அன்று காலையிலேயே மழித்துவிடுவது. எதுவரை என்று தெரிய வேண்டுமா, மாஸ்க்கைக் கொஞ்ச நேரம் போட்டுக் கழற்றுங்கள், தோலில் தடம் பதிந்திருக்கும். அதைவிடச் சற்று அகலமாகவே மழியுங்கள். மீசை நுனி அந்தத் தடத்தைத் தொட்டாலோ உள்ளே வால்வில் உரசினாலோ கத்தரித்துவிட வேண்டும்.

அப்புறம் மாஸ்க்கைப் போட்டு, அதன் இரண்டு ஃபில்டரையும் உள்ளங்கையால் மூடி, மெதுவாக மூச்சை இழுத்து 10 விநாடி பிடியுங்கள். மாஸ்க் லேசாகச் சுருங்கி முகத்தோடு ஒட்டியே நிற்க வேண்டும். தாடையோரம் சில்லென்று காற்று பட்டால் அந்த இடத்தில்தான் முடி மிச்சம் இருக்கிறதா என்று முதலில் தடவிப் பாருங்கள்.