ஃபுளோரைடு தரக்கரைசல்களுக்கான எக்செல் தாள்: CONVERT சார்பும் நீர்த்தல் சூத்திரமும், நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அளவிடும் ஆய்வகத்தில் நாள்தோறும் செய்ய வேண்டிய கணக்கு ஒன்றுதான். கையில் உள்ள செறிவான மூலக்கரைசலிலிருந்து, மின்முனையைச் சரிபார்ப்பதற்கு வேண்டிய தரக்கரைசல்களை நீர்த்துத் தயாரிக்க எவ்வளவு எடுக்க வேண்டும் என்பதே அது. தருமபுரி போன்ற மாவட்டங்களின் கிணற்று நீரைச் சோதிக்கும்போது முடிவு பெரும்பாலும் லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்ற ஏற்கத்தக்க வரம்புக்கும் 1.5 மில்லிகிராம் என்ற உச்ச வரம்புக்கும் அருகில் வந்து நிற்கும். அந்த இடத்தில் தரக்கரைசலில் ஏற்படும் சிறு பிழைகூட, ஒரு கிணற்று நீரைக் குடிக்கலாமா கூடாதா என்ற தீர்ப்பையே மாற்றிவிடும். இதற்காக நான் சில ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் எக்செல் தாளைப் பற்றியும், அதன் நடுவே இருக்கும் CONVERT சார்பைப் பற்றியும் இங்கே பகிர்கிறேன்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, CONVERT சார்புக்குச் செறிவு என்ற ஒன்று தெரியாது என்பது. அதற்கு நிறை தெரியும், கனஅளவு தெரியும், வெப்பநிலை தெரியும், அழுத்தம் தெரியும். "ug/ml" என்பதை "mg/l" ஆக மாற்றச் சொன்னால் #N/A என்று விடை வரும். ஆகவே செறிவின் அலகை ஒரே கட்டத்தில் எழுதாமல், நிறை அலகைத் தனி நிரலிலும் கனஅளவு அலகைத் தனி நிரலிலும் வைத்தேன். என் தாளில் B நிரலில் எண், C நிரலில் நிறை அலகு, D நிரலில் கனஅளவு அலகு உள்ளன. இரண்டாம் வரிசை மூலக்கரைசலுக்கும் மூன்றாம் வரிசை இலக்குக் கரைசலுக்கும் உரியவை. இரண்டு வரிசைகளிலும் E நிரலில் இந்தச் சூத்திரமே வருகிறது:

```
=B2*CONVERT(1,C2,"mg")/CONVERT(1,D2,"l")
```

எந்த அலகில் எழுதினாலும் செறிவு லிட்டருக்கு மில்லிகிராமாக மாறி E நிரலில் வந்து நிற்கும். 1 என்ற எண்ணை CONVERT வழியாக மாற்றி அந்தக் காரணியால் பெருக்குவதும் வகுப்பதும், வெப்பநிலை இடம்பெறாத எந்தக் கூட்டு அலகுக்கும் பொருந்தும். இந்தத் தாளில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஏனெனில் ஆயிரத்தால் பெருக்க வேண்டுமா வகுக்க வேண்டுமா என்ற கேள்வியே இங்கு எழுவதில்லை.

இந்தச் சார்பு அலகுகளின் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறுபடுத்திப் பார்க்கும். பயன்படுத்துவோர் எல்லோரும் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். மைக்ரோவுக்கு "u" என்று எழுத வேண்டும். அச்சில் வழங்கும் கிரேக்க எழுத்தை இட்டால் #N/A வரும். அந்தப் பிழை நமக்கு நன்மையே செய்கிறது, ஏனெனில் அது கண்ணில் படுகிறது. ஆனால் "mg" என்பதற்குப் பதிலாக "Mg" என்று எழுதினால் எந்தப் பிழையும் தோன்றாது. பெரிய M என்பது மெகா. "Mg" என்பது மெகாகிராம், அதாவது ஆயிரம் கிலோகிராம். எண் நூறு கோடி மடங்கு மாறிப்போகும், கட்டமோ வழக்கம்போல அமைதியாக இருக்கும். கைப்பேசியில் தாளைத் திறந்து நிரப்பும்போது விசைப்பலகை முதல் எழுத்தைத் தானாகப் பெரிதாக்கிவிடுவது உண்டு என்பதால், இது அரிதான தவறு என்று எண்ணிவிட வேண்டாம்.

இதைத் தடுக்க அலகுகளைக் கீழிறங்கு பட்டியலாக வைப்பது எல்லோரும் செய்வதே. அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. Data Validation பெட்டியில் பட்டியலைத் தாளின் வேறொரு பகுதியிலிருந்து எடுக்கும்படி அமைத்தால், எக்செல் எழுத்தின் பெரிது சிறிதைப் பார்ப்பதில்லை. பட்டியலில் "mg" மட்டுமே இருந்தாலும், ஒருவர் கையால் "Mg" என்று தட்டினால் அதை ஏற்றுக்கொள்ளும். அதே பட்டியலை Source கட்டத்தில் நேரடியாக kg,g,mg,ug என்று காற்புள்ளியிட்டு எழுதினால், எழுத்து சரியாகப் பொருந்தினால்தான் ஏற்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் பட்டியலை நேரடியாக எழுதும் முறைக்கு மாறினேன். இருந்தும், வேறொரு கட்டத்திலிருந்து நகலெடுத்து ஒட்டினால் இந்தக் காவல் வேலை செய்யாது. ஆகவே சூத்திரத்திலும் ஒரு காவல் தேவைப்படுகிறது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

அடுத்தது மோல். வணிகத்தில் கிடைக்கும் ஃபுளோரைடு மூலக்கரைசல்கள் பலவற்றின் மீது 0.1 மோலார் சோடியம் ஃபுளோரைடு என்றே எழுதியிருக்கும். CONVERT சார்பில் மோல் என்ற அலகே கிடையாது. மோலை நிறையாக்க அணு நிறை தேவை, அது பொருளுக்குப் பொருள் மாறும் என்பதால் அப்படி ஓர் அலகு இருக்கவும் இயலாது. மில்லிமோலாரை மோலாராக்க "mm", "m" என்று எழுதிச் சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள். அங்கு நடப்பது மில்லிமீட்டரிலிருந்து மீட்டருக்கான மாற்றம். எண் சரியாகவே வரும், ஆனால் அந்தத் தாளை அடுத்து வாசிப்பவருக்கு அது பொருளற்ற நீளக் கணக்கு. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மோலாரில் வரும் மூலக்கரைசலுக்கு இரண்டாம் வரிசையின் சூத்திரத்தை மட்டும் இப்படி மாற்றிக்கொள்கிறேன்:

```
=B2*18.998*CONVERT(1,"g","mg")
```

B2 கட்டத்தில் 0.1 இருந்தால் விடை 1899.8, அதாவது லிட்டருக்கு 1899.8 மில்லிகிராம் ஃபுளோரைடு. இங்கு 18.998 என்பது ஃபுளோரினின் அணு நிறை. சோடியம் ஃபுளோரைடின் மோலார் நிறையான 41.99-ஐ இந்த இடத்தில் இடுவதுதான் புதியவர்களிடம் அதிகம் காணப்படும் தவறு. ஒரு லிட்டருக்கு 100 மில்லிகிராம் ஃபுளோரைடு வேண்டுமென்றால் உப்பை 221 மில்லிகிராம் நிறுக்க வேண்டும். 100 மில்லிகிராம் உப்பை நிறுத்தவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 45 மில்லிகிராம் ஃபுளோரைடுதான். எந்த அலகு மாற்றும் சார்பும் இதைக் கண்டுபிடிக்காது. ஆதலால் மூலக்கரைசல் வரிசையில் "ஃபுளோரைடாக" என்ற சொல்லை எழுத்தாகவே சேர்த்து வைத்திருக்கிறேன்.

இனி நீர்த்தல் சூத்திரம். மூலச் செறிவை எடுக்கும் கனஅளவால் பெருக்கினால் வருவதும், இலக்குச் செறிவை இறுதிக் கனஅளவால் பெருக்கினால் வருவதும் சமம் என்பது பள்ளிப் பாடம். நான்காம் வரிசையில் B4 இறுதிக் கனஅளவு, D4 அதன் அலகு. இவற்றிலிருந்து E4, E5 கட்டங்கள் இப்படி வருகின்றன:

```
E4: =CONVERT(B4,D4,"ml")
E5: =E3*E4/E2
```

1899.8 மூலத்திலிருந்து லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் கொண்ட 100 மில்லிலிட்டர் கரைசல் வேண்டுமென்றால் E5 தரும் விடை 0.079 மில்லிலிட்டர், அதாவது 79 மைக்ரோலிட்டர். கணக்கு முற்றிலும் சரி. ஆனால் கண்ணாடிப் பிப்பெட்டுகளால் வேலை செய்யும் ஆய்வகத்தில் இந்த அளவை நம்பகமாக எடுக்க முடியாது. ஆகவே B6 கட்டத்தில் நம்மிடம் உள்ள பிப்பெட்டால் எடுக்கத்தக்க மிகக் குறைந்த அளவை மில்லிலிட்டரில் எழுதி, F5 கட்டத்தில் இந்தச் சோதனையை வைத்தேன்:

```
=IF(E3>E2,"இலக்கு மூலத்தைவிடச் செறிவு",
 IF(E5<B6,"இடைக்கரைசல் தேவை","சரி"))
```

இந்தச் சோதனை நான் எதிர்பார்த்ததைவிட அதிகப் பயன் தந்தது. மூலக்கரைசலில் "Mg" புகுந்துவிட்டால் எடுக்க வேண்டிய அளவு அர்த்தமற்ற சிறு எண்ணாகி "இடைக்கரைசல் தேவை" என்று காட்டும். இலக்கில் புகுந்தால் முதல் எச்சரிக்கை வரும். முன்னர் குறிப்பிட்ட இரண்டாவது காவல் இதுவே. சோதனையை E5 கட்டத்துக்குள்ளேயே எழுதாமல் தனிக் கட்டத்தில் வைத்ததற்குக் காரணம், எண் இருக்க வேண்டிய இடத்தில் சொல் வந்தால் அதைப் பயன்படுத்தும் மற்ற சூத்திரங்கள் உடைந்துபோகும் என்பதே. இதே வகையில், #N/A அழகாக இல்லை என்று எண்ணி அதை IFERROR கொண்டு சுழியமாக மாற்றுவதையும் தவிர்க்க வேண்டும். எடுக்க வேண்டிய அளவு 0 என்று அச்சிட்ட தாளை ஒருவர் வெற்றுக்கரைசலுக்குரிய வரிசை என்று எண்ணிவிடக்கூடும்.

இடைக்கரைசல் தேவைப்படும்போது வட்டமான செறிவைத் தேடிப் போக வேண்டியதில்லை என்பது பயன்பாட்டில் எனக்குத் தெளிவான ஒன்று. லிட்டருக்கு 100 மில்லிகிராம் இடைக்கரைசல் வேண்டுமென்று சூத்திரத்திடம் கேட்டால், 5.264 மில்லிலிட்டர் எடு என்கிறது. அந்த அளவைத் தரும் குமிழ்ப் பிப்பெட் எதுவும் கிடையாது. அதற்கு மாறாக 5 மில்லிலிட்டர் குமிழ்ப் பிப்பெட்டால் எடுத்து 100 மில்லிலிட்டராக்கினால் செறிவு 94.99 ஆகும். அதிலிருந்து 1, 2, 5, 10 மில்லிலிட்டர் எடுத்து ஒவ்வொன்றையும் 100 மில்லிலிட்டராக்கினால் 0.950, 1.900, 4.750, 9.499 என்ற தரக்கரைசல்கள் கிடைக்கின்றன. அளவுத்திருத்தக் கோடு வரைவதற்குச் செறிவு வட்டமான எண்ணாக இருக்க வேண்டியதில்லை, சரியாகத் தெரிந்த எண்ணாக இருந்தால் போதும். எனவே தாளின் இரண்டாம் பகுதியில் சூத்திரத்தைத் திருப்பி எழுதியிருக்கிறேன்: B9 கட்டத்தில் பிப்பெட்டின் அளவை மில்லிலிட்டரில் இடுகிறேன், செறிவு கணக்கிடப்படுகிறது. இடைக்கரைசலிலிருந்து எடுக்கும்போது E2 கட்டத்தில் அந்த இடைக்கரைசலின் செறிவு இருக்க வேண்டும்.

```
=$E$2*B9/$E$4
```

இன்று முதல் பகுதியைவிட இந்தத் திருப்பிய பகுதியையே நான் அதிகம் பயன்படுத்துகிறேன். ஆனால் இதற்கு மேற்சொன்ன காவல் கிடையாது. மூலக்கரைசலின் அலகு தவறினால் எல்லாத் தரக்கரைசல்களும் ஒரே காரணியால் தவறும். மின்முனை செறிவின் மடக்கைக்கு ஏற்பவே மறுமொழி தருவதால், கோட்டின் சாய்வு மாறாமல் கோடு மட்டும் இடம்பெயரும். சாய்வு சரியாக இருக்கிறது என்பதைக் கொண்டு தரக்கரைசல்கள் சரி என்று முடிவுசெய்ய இயலாது. வேறொரு மூலத்திலிருந்து தனியாகத் தயாரித்த ஒரு கரைசலை அளந்து பார்ப்பதே இதற்கு வழி.

தாளில் முன்பு "சேர்க்க வேண்டிய நீர்" என்ற நிரலும் இருந்தது. இறுதிக் கனஅளவிலிருந்து எடுத்த அளவைக் கழித்து அது காட்டும். அதை நீக்கிவிட்டேன். ஃபுளோரைடு போன்ற நீர்த்த கரைசலில் அந்த எண்ணால் பெரிய தவறு நேராது. ஆனால் தாளை எத்தனாலுக்கோ அடர் அமிலத்துக்கோ நகலெடுப்பவர் அதை நம்பி நீரை அளந்து ஊற்றினால், கனஅளவுகள் கூட்டலுக்குக் கட்டுப்படாததால் இறுதி அளவு தவறிவிடும். அந்த இடத்தில் இப்போது "குடுவையின் குறிவரை நீர் சேர்த்து நிரப்புக" என்ற வாசகம் மட்டும் இருக்கிறது. குடுவை பாலிப்ரொப்பிலீன் ஆக இருக்க வேண்டும், தயாரித்த கரைசலைக் கண்ணாடிப் புட்டியில் சேமிக்கக்கூடாது என்பதையும் அதன் கீழே சேர்த்திருக்கிறேன்.

தாளின் மேல்மூலையில் ஒரு சோதனை வரிசை நிரந்தரமாக இருக்கிறது. மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம், லிட்டருக்கு 1000 மைக்ரோகிராம், லிட்டருக்கு 0.001 கிராம் ஆகிய மூன்றும் E நிரலின் சூத்திரத்தில் 1 என்றே வர வேண்டும். தசமப் பின்னத்தின் கடைசி இலக்கங்களில் மிகச் சிறு வேறுபாடு தோன்றலாம் என்பதால் விடையை ROUND கொண்டு ஒன்பது இலக்கத்துக்குச் சுருக்கி ஒப்பிடுகிறேன். யாரேனும் சூத்திரத்தைத் தொட்டுவிட்டார்களா என்பதை, அன்றைய வேலை தொடங்குமுன் இந்த மூன்று கட்டங்களைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.