ரீட் யூனிட்: பணம் வருகிறது, கணக்குதான் வர மாட்டேன் என்கிறது

வருமான வரித் தாக்கலை முடித்த கையோடு எழுதுகிறேன். கொஞ்சம் காரம் கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ரீட் என்பது பலரிடம் பணம் திரட்டி, வாடகைக்கு விடும் கட்டடங்களை வைத்திருக்கும் டிரஸ்ட். சந்தையில் பங்குபோல வாங்கி விற்கும் அதன் யூனிட்களைச் சில வருடங்களாக டீமேட்டில் வைத்திருக்கிறேன். அலுவலகக் கட்டடங்கள் வைத்திருக்கும் ஒன்று, மால்கள் வைத்திருக்கும் ஒன்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பணம் வருவது இதுவரை தவறியதில்லை. என் எரிச்சல் அந்தப் பணம் வந்து சேரும் விதத்தில்தான்.

எல்லோரும் இதை வாடகை என்கிறோம். ஆனால் வங்கிக் கணக்கில் அது இரண்டு மூன்று துண்டாக விழுகிறது. ஒன்று வட்டி, ஒன்று டிவிடெண்ட், இன்னொன்று கடன் திருப்பிச் செலுத்தியது. நான் யாருக்கும் கடன் கொடுக்கவில்லையே என்று தோன்றும். கொடுத்தது டிரஸ்ட். ஐ.டி. பார்க்குகள் பெரும்பாலும் தனித்தனிக் கம்பெனிகளின் பெயரில் இருக்கின்றன, எஸ்.பி.வி. என்பார்கள். அந்தக் கம்பெனிகளின் பங்குகள் டிரஸ்டிடம் இருக்கும். அதோடு, யூனிட் விற்றுத் திரட்டிய பணத்தை டிரஸ்ட் அதே கம்பெனிகளுக்குக் கடனாகவும் கொடுத்து வைத்திருக்கும். வாடகைக்கு இருப்பவர் கொடுக்கும் பணம் முதலில் கம்பெனிக்குப் போய், அங்கிருந்து இந்த வழிகளில் டிரஸ்டுக்கு ஏறி, அங்கிருந்து நமக்கு இறங்குகிறது. பிரித்துக் கொடுக்கக்கூடிய பணத்தில் குறைந்தது 90 சதவீதத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது கொடுத்தே ஆகவேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி.

ஏன் இப்படிச் சுற்றி வளைக்க வேண்டும்? கம்பெனி கட்டும் வட்டி அதற்குச் செலவு. அந்த அளவுக்கு அங்கே வருமான வரி கிடையாது. மீதி லாபத்துக்கு வரி கட்டிவிட்டு டிவிடெண்டாக அனுப்பலாம். ஆனால் கட்டடத்துக்குத் தேய்மானம் எழுத வேண்டும். அது ஏட்டில் மட்டும் இருக்கும் செலவு, பணம் எங்கேயும் போவதில்லை. அதனால் ஏட்டு லாபத்தைவிடக் கையிருப்பு அதிகமாக இருக்கும். லாபமே இல்லாமல் டிவிடெண்ட் அறிவிக்க முடியாது. அந்த உபரியை மேலே அனுப்ப இருக்கும் வசதியான வழி, வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பது. மூளைக்கார ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன்.

வலி நம் பக்கத்தில் ஆரம்பிக்கிறது. ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். யூனிட் 300 ரூபாய் வீதம் 100 யூனிட் வாங்கியிருக்கிறீர்கள். ஒரு காலாண்டுக்கு யூனிட்டுக்கு 5.50 ரூபாய் அறிவிக்கிறார்கள். அதில் வட்டி 1 ரூபாய், டிவிடெண்ட் 2.50, கடன் திருப்பிச் செலுத்தியது 2 ரூபாய். மொத்தம் 550. வட்டி 100 ரூபாயில் 10 ரூபாயை டி.டி.எஸ். பிடித்துவிட்டு 90 வரும். ஃபிக்சட் டெபாசிட்டில் இருப்பதுபோல இவ்வளவுக்கு மேல்தான் பிடிப்போம் என்கிற வரம்பு இதற்கு இல்லை. அந்த 100 ரூபாய்க்கு உங்கள் ஸ்லாப்படி வரி. டிவிடெண்ட் 250க்கு, அந்தக் கம்பெனி குறைந்த வரி விகிதத்தைத் தேர்ந்தெடுக்காமல் இருந்தால், நம் கையில் வரியில்லை. தேர்ந்தெடுத்திருந்தால் உண்டு.

மிச்சம் 200 ரூபாய். இதற்கு இப்போது வரி இல்லை, ஆனால் உங்கள் வாங்கிய விலை 300லிருந்து 298 ஆகிவிடும். 2023 பட்ஜெட் வரை இப்படிக் குறைக்கும் விதி கிடையாது. அந்த பிப்ரவரியில் இந்தக் கடன் பகுதி மொத்தத்தையும் வருமானமாக வரி போடப்போவதாகச் சொன்னார்கள். அப்புறம் மசோதா நிறைவேறும்போது, விலையில் கழித்துக்கொள்ளுங்கள், இப்படித் திருப்பித் தந்ததெல்லாம் சேர்ந்து யூனிட்டின் வெளியீட்டு விலையைத் தாண்டினால் மட்டும் வரி என்று மாற்றினார்கள். அந்தக் கூட்டல் நீங்கள் வாங்கிய நாளிலிருந்து ஆரம்பிப்பதில்லை. முன்பு வைத்திருந்தவருக்குக் கொடுத்ததும் சேரும்.

வருடத்துக்கு 8 ரூபாய் வீதம் ஐந்து வருடத்தில் 40 ரூபாய் கழிந்து, உங்கள் விலை 260க்கு வந்து நிற்கும். அப்போது 350க்கு விற்றால் நான் பயன்படுத்தும் புரோக்கர் செயலி யூனிட்டுக்கு 50 ரூபாய் லாபம் என்று பச்சையில் காட்டும். வரிக் கணக்கில் லாபம் 90. கேட்டால் "நாங்கள் வாங்கிய விலையைத்தான் காட்டுவோம் சார்" என்கிறார்கள். டிரஸ்ட் வருடத்துக்கு ஒருமுறை அனுப்பும் படிவத்தில் பிரிவுகள் எல்லாம் சரியாக இருக்கும். அதைப் பார்த்து எக்செலில் ஏற்றுவது நம் வேலை. நீண்டகால லாபத்தில் 1.25 லட்சம் வரை வரி இல்லை என்பதால் சின்ன முதலீட்டாளர் பலருக்குக் கடைசியில் இதனால் வரி ஒரு ரூபாய்கூட ஏறாது. அதற்காகக் கணக்கு எழுதாமல் இருக்க முடியுமா?

இதில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். விளம்பரத்தில் வருகிற "7 சதவீத வருவாய்" இதெல்லாம் சேர்ந்தது. மேலே சொன்ன கணக்கில் வருடத்துக்கு 22 ரூபாய், அதாவது 7.3 சதவீதம். கடன் பகுதியை எடுத்துவிட்டால் 14 ரூபாய், 4.7 சதவீதம்தான். எடுத்துவிட வேண்டுமா என்றால், எனக்கு இரண்டு மனம். அந்த 8 ரூபாயும் வாடகைக்காரர் கொடுத்த பணம்தான். ஆனால் கட்டடம் பழசாகும், லிஃப்ட் மாற்ற வேண்டும்.

சரி, விலைக்கு வருவோம். அலுவலக வாடகை ஒப்பந்தம் பல வருடத்துக்கானது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை 15 சதவீதம் ஏற்றுவது வழக்கம். இவ்வளவு நிதானமான பொருள் சந்தையில் பங்குபோலவே துள்ளும். 2019இல் எம்பசி ரீட்டின் யூனிட் 300 ரூபாய்க்கு வெளியாகி, 2020 தொடக்கத்தில் 500ஐத் தொட்டு, 2023இல் மறுபடி 300 பக்கம் வந்து நின்றது. கோவிட் ஒரு காரணம். இன்னொன்று, 2022 மேயிலிருந்து ரிசர்வ் வங்கி, மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் ரெப்போ வட்டி விகிதத்தை 4லிருந்து 6.5 சதவீதத்துக்கு ஏற்றியது. வருடத்துக்கு அதே 22 ரூபாய் வந்தாலும், யூனிட் வாங்குபவர் 7.3க்குப் பதிலாக 8 சதவீதம் எதிர்பார்த்தால் விலை 275 ஆகிவிடும். கட்டடத்தில் ஒரு செங்கல்கூட அசைந்திருக்காது. 2025இல் வட்டி இறங்க, யூனிட்கள் ஏறின. காலி இடம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்று காலாண்டு அறிக்கையைப் புரட்டினால் ஒழிய, விலை எதனால் இறங்குகிறது என்பது தெரியாது.

ஆனாலும் நள்ளிரவில் "மோட்டார் ஓடலை சார்" என்று போன் வருவதில்லை. காலி செய்துவிட்டுப் போனவர் அட்வான்ஸுக்காகச் சண்டை போடுவதில்லை. பணம் அவசரம் என்றால் காலையில் விற்க, மறுநாள் கைக்கு வந்துவிடும். மால்கள் வைத்திருக்கும் நெக்சஸ் ரீட்டின் யூனிட்களும் வைத்திருப்பதால், அதன் வடபழனி விஜயா மாலில் விலை அதிகம் என்று வீட்டில் முணுமுணுக்கும்போது நான் வாயைத் திறப்பதில்லை.

மதுரையில் மாடி வீட்டை விற்றுவிட்டு எல்லாவற்றையும் இதில் போடலாமா என்று சித்தப்பா கேட்டார். இவ்வளவு நல்லதும் சொல்லிவிட்டு, வேண்டாம் சித்தப்பா என்றேன். தினம் விலை பார்க்கிறவர் அவர். 300 ரூபாய் 275 ஆன அன்று யாரிடம் முதலில் போன் வரும் என்பது எனக்குத் தெரியும். நான் மட்டும் போன முறை, அந்தக் காலாண்டுப் பணம் யாருக்கு என்று முடிவாகும் ரெக்கார்டு தேதி கழிந்து விலை சரிந்தபோது இன்னும் கொஞ்சம் வாங்கினேன். அதற்கு எக்செலில் தனி வரிசை போட வேண்டியிருக்கிறது. டீமேட்டில் முதலில் வந்த யூனிட்தான் முதலில் விற்றதாகக் கணக்கு என்பதால், பழைய விலையோடு சேர்த்துச் சராசரி போட முடியாது.