கம்ப்ரெசர் கையேடும் மொழிபெயர்ப்பு நினைவகமும்: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகு

நண்பர் ஒருவர் கேட்டார்: “நாலஞ்சு பேராச் சேர்ந்து ஒரு பெரிய மெஷின் மேனுவலை மொழிபெயர்க்க எடுத்திருக்கோம், நீங்க வச்சிருக்கிற சாஃப்ட்வேரையே வாங்கிடலாமா?” ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளம். ஏற்கெனவே மொழிபெயர்த்த வாக்கியங்களைச் சர்வரில் சேமித்து எல்லோருக்கும் எடுத்துத் தரும் நினைவகம், எந்தச் சொல்லுக்கு எந்தத் தமிழ்ச் சொல் என்ற பட்டியலான டெர்ம்பேஸ், ஓரளவு ஒத்த பழைய வாக்கியத்தைக் காட்டும் ஃபஸி மேட்ச் எல்லாம் இந்த வகை மென்பொருள் பெரும்பாலானவற்றில் இருப்பவைதான், அவற்றை மேலும் விளக்கப் போவதில்லை. என் கோபம் முழுக்க ஒரே விஷயத்தில்தான். ஒரு பாகத்துக்கு எல்லாத் தொகுதிகளிலும் ஒரே பெயர் நிற்க வேண்டும். நினைவகம் இருந்தால் அது தானாக நடந்துவிடும் என்று நம்பித்தான் பலர் வாங்குகிறார்கள். தானாக நடக்காது.

எங்களுடையது ஒரு கம்ப்ரெசர் கையேடு. நிறுவுதல், இயக்கம், பராமரிப்பு, மின்சுற்று, கடைசியில் பாகப் பட்டியல் எனத் தொகுதி தொகுதியாக வந்தது, ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் கையில். இந்த இயந்திரத்தில் ஆயில் பம்ப் பக்கம் ஒரு ரிலீஃப் வால்வ் உண்டு. எண்ணெய் அழுத்தம் கூடினால் உபரி எண்ணெயைத் திருப்பி விடுவது அதன் வேலை. லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்குரூவைத் திருப்பி அழுத்தத்தைச் சரிசெய்யலாம். காற்றுத் தொட்டியின் மேல் ஒரு சேஃப்டி வால்வ் உண்டு. தொட்டியில் அழுத்தம் வரம்பை மீறினால் சட்டென்று திறந்து காற்றை வெளியேற்றும். அதைத் தயாரிக்கும் இடத்திலேயே செட் செய்து சீல் வைத்து அனுப்புகிறார்கள், பணியாளர் தொடவே கூடாது.

முதல் தொகுதியை மொழிபெயர்த்தவர் ரிலீஃப் வால்வை “பாதுகாப்பு வால்வு” என்று எழுதினார். அந்தத் தொகுதியில் தொட்டியின் வால்வு பற்றிப் பேச்சே இல்லை, எனவே அவருக்கோ சரிபார்த்தவருக்கோ உறுத்தவில்லை. மூன்றாம் தொகுதியில் தொட்டி வந்தது. அங்கே இன்னொருவர் சேஃப்டி வால்வை “பாதுகாப்பு வால்வு” என்று, சரியாகவே, எழுதினார். அதே தொகுதியில் எண்ணெய் அழுத்தம் பற்றிய பகுதி வந்தபோது முதல் தொகுதியின் வாக்கியங்கள் 100% மேட்ச் ஆகத் தானாக வந்து உட்கார்ந்துகொண்டன. விளைவு: “பாதுகாப்பு வால்வின் லாக் நட்டைத் தளர்த்தி, தேவையான அழுத்தம் வரும்வரை ஸ்குரூவைத் திருப்பவும்” என்று பராமரிப்புக் கையேட்டில் ஒரு வரி. சில பக்கம் தள்ளி, “பாதுகாப்பு வால்வின் சீலை ஒருபோதும் அகற்ற வேண்டாம்” என்று இன்னொரு வரி. இரண்டாவதைப் படிக்காத ஒருவர் முதல் வரியை நம்பித் தொட்டியின் வால்வில் ஸ்பேனரை வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அச்சுக்குப் போகும் முன் வாடிக்கையாளரின் சர்வீஸ் டெக்னீஷியன் ஒருவர் படித்துப் பார்த்துப் பிடித்தார். மென்பொருளின் எந்தச் சோதனையும் பிடிக்கவில்லை.

ஏன் பிடிக்கவில்லை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நினைவகம் வாக்கியத்தை வாக்கியமாகச் சேமிக்கிறது. உள்ளே இருக்கும் பெயர் சரியா தவறா என்று அதற்குத் தெரியாது. யார் முதலில் எழுதினாரோ அவர் எழுதியதை எல்லோருக்கும் கொடுக்கும், பச்சை நிறத்தில், 100% என்ற முத்திரையோடு. அந்த 100% மூல வாக்கியம் ஒத்துப்போவதைத்தான் குறிக்கிறது, மொழிபெயர்ப்பின் தரத்தை அல்ல. இதற்கு மேல் ஊதிய முறை வேறு. 100% மேட்ச்சுக்கு மொழிபெயர்ப்பாளருக்கு மிகக் குறைவாகத் தருகிறார்கள், சில இடங்களில் ஒன்றுமே கிடையாது. காசு கொடுக்காத வரியை யார் உட்கார்ந்து படிப்பார்? அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தவறு அதிகம் பரவும் வரிகளும் யாரும் படிக்காத வரிகளும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன, இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள்தான் அதற்குப் பொறுப்பு.

சரி, பெயரை முடிவு செய்தாயிற்று: ரிலீஃப் வால்வுக்கு “அழுத்தத் தணிப்பு வால்வு”, சேஃப்டி வால்வுக்குப் “பாதுகாப்பு வால்வு”. டெர்ம்பேஸில் மாற்றினோம். டெர்ம்பேஸில் மாற்றியது நினைவகத்தில் மாறாது, இரண்டும் தனித்தனி. நினைவகத்தைத் திறந்து, மூலத்தில் ரிலீஃப் வால்வ் வரும் செக்மென்ட்களைத் தேடி எடுத்துத் திருத்த வேண்டியிருந்தது. அதையும் செய்தோம். சில நாளில் பழைய வரிகள் மறுபடி முளைத்தன. ஒருவர் இணைப்பு சரியில்லாத இடத்தில் நினைவகத்தின் பிரதியைத் தன் கணினியில் வைத்து வேலை செய்திருந்தார். அதைத் திரும்பச் சேர்த்தபோது பழைய வாக்கியங்கள் புதிய தேதியோடு உள்ளே வந்து, எங்கள் திருத்தத்துக்கு மேல் ஏறிக்கொண்டன. அதற்குப் பிறகு நினைவகத்தை இரண்டாகப் பிரித்தோம். தினசரி வேலை போய்ச் சேரும் நினைவகம் ஒன்று, சரிபார்த்தது மட்டும் போகும் நினைவகம் ஒன்று. முதலாவதற்கு 5% பெனால்டி. அதிலிருந்து வரும் எதுவும் 95%க்கு மேல் காட்டாது, அதனால் கண்ணால் பார்க்காமல் கடந்து போக முடியாது. இந்த ஒரு அமைப்பு பாதித் தலைவலியைத் தீர்த்தது; முதல் நாளே அமைக்க வேண்டியது இது.

அடுத்த எரிச்சல் சொல் சோதனை. மூலத்தில் ஒரு சொல் இருந்தால் டெர்ம்பேஸில் உள்ள தமிழ்ச் சொல் மொழிபெயர்ப்பில் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது எழுத்துக்கு எழுத்து தேடுகிறது. டெர்ம்பேஸில் “வால்வு” என்று இருக்கும், வாக்கியத்தில் “வால்வைக் கழற்றவும்” என்று இருக்கும். சொல் இல்லை என்று எச்சரிக்கை. “அழுத்தம்” என்று இருக்கும், வாக்கியத்தில் “அழுத்தத்தை”, மறுபடி எச்சரிக்கை. வேற்றுமை உருபு ஏறாத பெயர்ச்சொல் தமிழில் எத்தனை வாக்கியத்தில் வரும்? ஒரு தொகுதிக்குச் சோதனையை ஓட்டினால் பக்கம் பக்கமாக எச்சரிக்கை, ஏறக்குறைய எல்லாம் பொய். இரண்டாவது தொகுதியிலேயே எல்லோரும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து “புறக்கணி” அழுத்தத் தொடங்கிவிட்டார்கள். உண்மையான தவறும் அந்தக் குவியலோடு போயிற்று.

இதற்கு ஓரளவு வழி உண்டு. சொல்லின் மாறாத பகுதியை மட்டும் பதிந்து, மீதி எப்படியும் இருக்கலாம் என்று குறி போட இந்த மென்பொருள் விடுகிறது. “அழுத்தம்” என்பதற்கு “அழுத்த” வரை பதிந்தால் அழுத்தம், அழுத்தத்தை, அழுத்தத்தின் எல்லாம் அடங்கிவிடும். கையால்தான் செய்ய வேண்டும், ஒவ்வொரு சொல்லுக்கும். பல சொல் சேர்ந்த பெயரில் கடைசிச் சொல்லை மட்டும் வெட்டினால் போதும், உருபு அங்கேதான் ஏறும்.

எதிர்பாராத சந்தோஷம் ஒன்றும் இங்கேதான் கிடைத்தது. சோதனையைத் தலைகீழாகத் திருப்பினோம். சரியான சொல் இருக்கிறதா என்று கேட்பதை விட்டுவிட்டு, கூடாத சொல் இருக்கிறதா என்று கேட்க வைத்தோம். ரிலீஃப் வால்வ் பதிவின் கீழ் “பாதுகாப்பு வால்” என்ற வெட்டிய வடிவத்தைத் தடைசெய்த சொல்லாகச் சேர்த்தோம். இப்போது மூலத்தில் ரிலீஃப் வால்வ் இருந்து தமிழில் பாதுகாப்பு வால்வு வந்தால் மட்டும் எச்சரிக்கை. இரண்டு வால்வும் ஒரே வாக்கியத்தில் வருகிற சில இடங்களில் மட்டும் பொய் எச்சரிக்கை வரும், அவற்றைக் கண்ணால் பார்த்துவிடலாம். பட்டியல் ஒரு திரைக்குள் அடங்கியது. யாரும் மொத்தமாகப் புறக்கணிக்கவில்லை, ஏனென்றால் வந்ததில் பெரும்பாலானவை நிஜத் தவறுகள்.

அதையும் ஏமாற்றிக் கொஞ்சம் தப்பியது. திரையில் “தொட்டி” என்று கண்ணுக்குத் தெரிகிறது, தேடினால் கிடைக்கவில்லை. ஒருவருடைய விசைப்பலகை “தொ” என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகப் பதிகிறது, இன்னொருவருடையது முன்னால் கொம்பு பின்னால் கால் என இரண்டு குறியீடாகப் பதிகிறது. பார்வைக்கு வித்தியாசமே இல்லை. மென்பொருளுக்கு அவை வெவ்வேறு சொற்கள். நினைவகத்தை `TMX` கோப்பாக ஏற்றுமதி செய்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் இந்தப் பைத்தான் வரிகளுக்குள் விட்டுத் திரும்ப ஏற்றினால் சரியாகிறது:

```
import unicodedata
s = unicodedata.normalize("NFC", s)
```

ஔகாரக் குறிக்குப் பதிலாகச் சிலர் எகரக் கொம்பும் பின்னால் “ள” எழுத்தும் அடிப்பார்கள், அதை இது திருத்தாது. தனியாகத் தேடி மாற்ற வேண்டும். இவ்வளவு பணம் வாங்கும் மென்பொருள் உள்ளீட்டின்போதே இந்த இரண்டு வரி வேலையைச் செய்யாமல் இருப்பது எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். கன்கார்டன்ஸ் தேடல் அருமை. ரிலீஃப் வால்வ் என்று போட்டால் எந்தத் தொகுதியில் யார் எப்போது எப்படி எழுதினார் என்று ஒரே இடத்தில் காட்டியது. அது இல்லாவிட்டால் அந்தக் குழப்பத்தின் வேரையே கண்டுபிடித்திருக்க முடியாது. கையேட்டின் திருத்திய பதிப்பு வந்தபோது மாறாத வரிகள் அப்படியே வந்து நின்றன, மாறியவற்றை மட்டும் செய்து முடித்தோம். அந்த வேலையை வெறும் வேர்ட் கோப்புகளில் செய்வதை நினைத்துப் பார்க்கவே முடியாது.

மென்பொருளைத் தாண்டிய ஒரு விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாகப் பட்டியலை முதலில் வாங்கி முதலில் மொழிபெயர்க்க வேண்டும். எங்களுக்கு அது கடைசியாகத்தான் வந்தது. வந்த பிறகுதான் தெரிந்தது, மூலத்தை எழுதியவர்களே ஒரே வால்வை ஓரிடத்தில் ரிலீஃப் வால்வ் என்றும் இன்னோரிடத்தில் பைபாஸ் வால்வ் என்றும் எழுதியிருக்கிறார்கள், பாக எண் மட்டும் ஒன்று. நினைவகத்துக்கு அவை இரண்டு பொருள்கள். பாக எண்ணைப் பார்த்தால்தான் ஒன்று என்று தெரியும். இப்போது எங்கள் டெர்ம்பேஸில் ஒவ்வொரு பாகப் பெயருக்கும் பக்கத்தில் பாக எண்ணுக்கு ஒரு கட்டம் இருக்கிறது, சண்டை வந்தால் அந்த எண்தான் தீர்ப்பு. டெர்ம்பேஸை ஒருவர் மட்டுமே திருத்தலாம், மற்றவர்கள் பரிந்துரை அனுப்பலாம்.

இன்றைக்கு ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் இரண்டுதான் கொடுப்பேன், அந்த லாக் நட் வரி இன்னும் கண்ணில் நிற்கிறது. உரிமத்தைப் போன வாரம்தான் புதுப்பித்தேன். அடுத்து ஒரு ட்ரையர் கையேடு வரப்போகிறது. பாகப் பட்டியல் கைக்கு வரும்வரை ஒரு வரிகூடத் தொடங்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.