76 டிகிரிதான், ஆனாலும் கேம் திணறுகிறது: மெல்லிய லேப்டாப்புடன் ஒன்றரை வருடம்

ஆர்டிஎக்ஸ் 4060 என்ற கிராஃபிக்ஸ் சிப், அதாவது ஜிபியு, போட்ட மெல்லிய கேமிங் லேப்டாப் ஒன்றை ஒன்றரை வருடமாக வைத்திருக்கிறேன். கம்பெனி பெயர் வேண்டாம், இந்தத் தடிமனில் வரும் பல லேப்டாப்புகளிலும் இதே கதைதான். வாங்கும் முன் பார்த்த ரிவ்யூக்கள் எல்லாம் ஒரே விஷயத்தைப் பாராட்டின: கேம் ஆடும்போதும் ஜிபியு 76 டிகிரியைத் தாண்டவில்லையாம். அதை நம்பித்தான் வாங்கினேன். அந்த 76 பொய்யில்லை, ஆனால் அதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்பது அப்புறம்தான் புரிந்தது.

ஆட ஆரம்பித்ததும் 92 எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு 92 ஃபிரேம் வரும், அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் 77. அது கூடப் பரவாயில்லை, கேமராவைத் திருப்பும்போதெல்லாம் வெட்டி வெட்டி ஓடியதுதான் கடுப்பு. சூடும் வாட்டும் காட்டும் HWiNFO மென்பொருளில் லாக் எடுத்துப் பார்த்தேன். முதல் ஐந்து நிமிடம் GPU Power 95 வாட், CPU Package Power 45 வாட். இருபத்தைந்தாவது நிமிடத்தில் ஜிபியு 65 வாட்டுக்கு இறங்கிவிட்டது, சிபியு 15-க்கும் 30-க்கும் நடுவில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஜிபியு சூடு? இரண்டு நேரத்திலும் அதே 76.

காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு தெர்மாமீட்டரைப் பார்ப்பது மாதிரிதான் இது. சூடு ஏறக் கூடாது என்று ஃபர்ம்வேரே மின்சாரத்தைக் குறைத்துவிடுகிறது, அதனால் சூடு ஏறுவதில்லை. மெல்லிய லேப்டாப்பில் சிபியு, ஜிபியு இரண்டும் பெரும்பாலும் ஒரே ஹீட் பைப்புகளைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. செம்பும் அலுமினியமும் முழுசாகச் சூடாக எனக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகிறது, அதுவரை கிடைப்பதெல்லாம் கடன் வாங்கிய வேகம். அதோடு கீபோர்டு பக்கம் கை சுடாமல் இருக்கவும் சில மாடல்களில் தனி வரம்பு வைத்திருக்கிறார்கள், அது சிப் சூட்டைக் கண்டுகொள்வதே இல்லை.

இன்னொன்றும் கவனித்தேன். ஜிபியு வாட் மூன்றில் ஒரு பங்கு குறைந்தும் சராசரி எஃப்பிஎஸ் 16 சதவீதம்தான் குறைந்தது, உச்ச வேகத்தில் கடைசி கொஞ்ச மெகாஹெர்ட்ஸுக்குத்தான் சிப் ஏகப்பட்ட வாட்டைத் தின்கிறது. ஆனால் 1% லோ, அதாவது மிக மெதுவாக வரும் ஒரு சதவீத ஃபிரேம்களின் வேகம், 68-லிருந்து 41-க்கு விழுந்தது, காரணம் அந்த சிபியு ஊஞ்சல். சராசரியை மட்டும் போடும் ரிவ்யூவில் இது தெரியவே தெரியாது.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு பழைய ரிவ்யூக்களை மறுபடி பார்த்தேன். ஒருவர் கேமுக்குள்ளேயே வரும் ஒன்றரை நிமிட பெஞ்ச்மார்க்கை ஓட்டியிருந்தார், அதில் லேப்டாப் சூடாகக்கூட ஆரம்பித்திருக்காது. இன்னொருவர் டர்போ மோடில், ஸ்டாண்டில் தூக்கி வைத்து, ஏசி அறையில் அளந்துவிட்டு, ஃபேன் சத்தத்தை மட்டும் அமைதியான மோடில் பதிவு செய்திருந்தார் (இது ஏமாற்று இல்லை என்றால் வேறென்ன?). மூன்றாமவர் ஒருவர்தான் அரை மணி நேர வாட் கிராஃப் போட்டிருந்தார். என் லாக்கும் அந்தக் கோடும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன. அதை நான் அப்போது தள்ளிவிட்டுப் போயிருந்தேன்.

ரிவ்யூக்களில் வரும் 3டிமார்க் மென்பொருளின் ஸ்ட்ரெஸ் டெஸ்டிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 20 சுற்று ஓட்டி, மோசமான சுற்று நல்ல சுற்றில் எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்கள், 97 வந்தால் பாஸ். ஆரம்பத்திலேயே 60 வாட்டில் பூட்டி வைத்த லேப்டாப்பும் ஜோராக 99 வாங்கும். சீராக ஓடுகிறதா என்பதைத்தான் அது சொல்லும், வேகமாக ஓடுகிறதா என்பதைச் சொல்லாது. ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் ஜிபியுவுக்கு என்விடியா கொடுத்திருக்கும் வரம்பே 35-லிருந்து 115 வாட் வரை, ஆகவே பெயரை மட்டும் பார்த்தும் பயனில்லை. நான் இப்போது ஒரு ரிவ்யூவில் தேடுவது இருபதாவது நிமிடத்துக்கு மேல் ஜிபியு, சிபியு இரண்டும் சேர்ந்து எத்தனை வாட், எந்த ஃபேன் மோடில், அறை எத்தனை டிகிரியில் என்பதைத்தான். அறை பத்து டிகிரி கூடினால் அந்த வாட் இன்னும் இறங்கும்.

பதினைந்தாவது மாதத்தில் நிலைமை மோசமானது. ஜிபியு 55 வாட்டைத் தாண்டவில்லை, சிப்பில் மிகச் சூடான இடத்தைக் காட்டும் GPU Hot Spot Temperature சாதாரண ஜிபியு சூட்டைவிட 24 டிகிரி மேலே நின்றது, புதிதில் அந்த வித்தியாசம் 11-தான். சிப்பின் சூட்டை ஹீட் பைப்புக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் ஓரத்துக்கு ஒதுங்கிவிட்டது. தூசு தட்டி, பேஸ்டுக்குப் பதிலாகச் சூட்டில் இளகும் ஃபேஸ் சேஞ்ச் ஷீட் போட்டதும் 65 வாட் திரும்பி வந்தது. 95 வாட் எப்படியும் நிற்காது என்று தெரிந்துவிட்டதால், சிபியு வாட்டை 25-ல் கட்டி, எஃப்பிஎஸ்ஸை 70-ல் பூட்டி ஆடுகிறேன். 1% லோ இப்போது 58, கேமரா திருப்பினால் வெட்டுவதில்லை.