தாடைக்கடியில் கல்: வாய் வழியாகவா, கழுத்து வழியாகவா?

ரொட்டியும் கட்டசம்பலும் வாயில் வைத்த கொஞ்ச நேரத்திலேயே வலது தாடைக்கடியில் எலுமிச்சங்காய் அளவுக்கு வீங்கிவிடும். சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்தில் வடியும். பல்லில்தான் ஏதோ என்று இரண்டு தடவை மாத்திரை குடித்தேன். பல் வீக்கம் சாப்பாட்டு நேரம் பார்த்து வராது என்பது அப்போது உறைக்கவில்லை.

ஹட்டனில் பார்த்த டாக்டர் ஒரு விரலை நாக்குக்கடியிலும் மறு கையைத் தாடைக்கு வெளியிலும் வைத்து, பின்னாலிருந்து முன்னுக்கு மெதுவாக அழுத்திக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் பயறு மாதிரி தட்டுப்பட்டது. ஸ்கேனில் பார்த்தால், தாடைக்கடியில் இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பியின் குழாயில் 6 மில்லிமீற்றர் கல். இந்தச் சுரப்பியின் உமிழ்நீர் தடிப்பானது, குழாயோ மேல்நோக்கி ஏறிப் போகிறது. உமிழ்நீர்க் கல் பெரும்பாலும் இங்கேதான் சேரும் என்றார்.

சின்னக் கல் என்றால் தண்ணீர் நிறையக் குடித்து, சுரப்பியைத் தடவி, புளிப்பு சாப்பிட்டே வெளியேற்றப் பார்க்கலாம். என் கல்லுக்கு அது சரிவரவில்லை. ஊறுகாயைத் தொட்டால் வலி கூடியதுதான் மிச்சம். கமரா வைத்த மெல்லிய குழாயை உள்ளே விட்டுக் கல்லைப் பிடித்தெடுக்கும் முறையும் உண்டு. அது சிறிய, அசையும் கல்லுக்குத்தான் தோது. நான் அதைச் செய்துகொள்ளாததால் அதற்கு மேல் சொல்லத் தெரியாது.

மிச்சம் இரண்டு: வாய்க்குள் கீறிக் கல்லை மட்டும் எடுப்பது, கழுத்தில் கீறிச் சுரப்பியையே எடுப்பது. நான் முதலாவதின் பக்கம். ஆனால் அதைத் தீர்மானிப்பது நம் விருப்பமில்லை, கல் விரலுக்குத் தட்டுப்படுகிறதா என்பதுதான். குழாயின் முன்பகுதியில் இருந்தால் மேலாகவே கீறலாம். கடைவாய்ப் பல் பக்கம் போகப் போக, நாக்கின் உணர்வு நரம்பு குழாய்க்குக் கீழாகக் கடந்து போகிறது. அங்கே கத்தி வைப்பது லேசில்லை.

எனக்கு விறைப்பூசி மட்டும்தான். கல் பின்னால் நழுவிப் போகாமல் அதற்குப் பின்புறம் குழாயைச் சுற்றி ஒரு தையல் நூலைப் போட்டு இழுத்துப் பிடித்தார்கள். கல்லின் மேலேயே கீறியதும் மஞ்சளாக வெளியே வந்தது. கீறிய இடத்தை மூடித் தைக்கவில்லை. தைத்தால் குழாய் சுருங்கி மறுபடி அடைபடுமாம். காய்ச்சலோ சீழோ இருந்திருந்தால் முதலில் அதை ஆற்றிவிட்டுத்தான் கீறுவார்களாம்.

மச்சானுக்குக் கல் சுரப்பிக்குள்ளேயே இருந்தது, பல வருடமாகச் சீழும் பிடித்திருந்தது. மயக்கம் கொடுத்து, தாடைக்கு இரண்டு விரல் கீழே கீறி, சுரப்பியையே எடுத்தார்கள். கீழுதட்டை அசைக்கும் நரம்பு தாடையோரமாகப் போவதால்தான் அவ்வளவு கீழே கீறுகிறார்களாம். அப்படியும் இரண்டு மாதம் சிரித்தால் வாய் ஒரு பக்கம் கோணியது, அப்புறம் சரியாகிவிட்டது. மற்றச் சுரப்பிகள் இருப்பதால் வாய் வரளவில்லை. எடுத்த சுரப்பியில் இனிக் கல் வராது என்பது அவருக்கு லாபம்.

என் சுரப்பி இன்னும் உள்ளேதான் இருக்கிறது, திரும்பவும் கல் வரலாம். இரண்டு வருடமாக வீங்கவில்லை. ஆனாலும் கட்டசம்பலைத் தொட்டால் கை தன்பாட்டில் தாடைக்குப் போகிறது.